கேத்திலுக்குள் வளரும் கல்

யாழ்ப்பாணத்தில் பல வருடம் அடுப்பில் இருந்த ஒரு கேத்திலைத் திறந்து பார்த்தால், அடியில் வெள்ளையும் பழுப்புமாக ஒரு பொருக்கு ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் வராது. கரண்டிக் காம்பால் தட்டினால் ஓடு ஓடாகக் கழன்று விழும். அந்த ஓட்டில் ஒரு துண்டையும், வீட்டுக் கிணறு வெட்டியபோது வெளியே போட்ட கல்லில் ஒரு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டின் மேலும் வினிகர் விட்டால், இரண்டும் ஒரே மாதிரி நுரைத்துப் பொங்கும். இரண்டும் ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். கிணற்றடியில் இருந்த கல் தண்ணீரில் கரைந்து வீட்டுக்குள் வந்து, கேத்திலுக்குள் மறுபடியும் கல்லாகியிருக்கிறது.

யாழ் குடாநாட்டின் அடியில் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். மயோசீன் என்பது இன்றைக்குச் சுமார் 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம். அப்போது அந்த இடம் ஆழமில்லாத கடல். சிப்பி, பவளம், இன்னும் சிறு உயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து இறுகிக் கல்லாயின. காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வந்ததும் இந்தக் கல்லை நம்பித்தான். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மழைக்காலத்தில் மட்டுமே ஆறு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழை செம்மண்ணுக்குள் இறங்கி, கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் நிறைகிறது. குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான்.

சுண்ணாம்புக்கல் தண்ணீரில் எளிதில் கரையும் பொருள் அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். காற்றே படாத தூய நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 14 மில்லிகிராம்தான் கரையும். அந்த அளவில் எந்தக் கேத்திலிலும் பொருக்குப் பிடிக்காது. கல்லைக் கரைப்பது தண்ணீர் மட்டுமல்ல, தண்ணீரில் கலந்திருக்கும் கரியமிலவாயு. மழைத்துளி விழும்போதே காற்றிலிருந்து கொஞ்சம் கரியமிலவாயுவை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அதனால் லிட்டருக்கு 50, 60 மில்லிகிராம் வரை கரைக்க முடியும். உண்மையான வேலை நடப்பது அதற்குப் பிறகு, மண்ணுக்குள்.

மண்ணுக்குள்ளும் காற்று இருக்கிறது. வேர்கள் மூச்சு விடுகின்றன. நுண்ணுயிர்கள் இலைதழையைத் தின்று மூச்சு விடுகின்றன. வெளிக்காற்றில் பத்தாயிரத்துக்கு நாலு பங்கு இருக்கும் கரியமிலவாயு, மண்ணின் துளைகளில் நூற்றுக்கு ஒரு பங்கு, சில வேளை அதற்கும் மேல் போய்விடும். எரு போட்டு, ஈரம் காயாமல் வைத்திருக்கும் தோட்ட மண்ணில் இன்னும் அதிகம். இந்தக் காற்றினூடே இறங்கும் மழைநீர் கல்லைத் தொடும்போது நல்ல பசியோடுதான் தொடுகிறது. ஆனால் வாயு கூடும் அளவுக்குக் கரைசல் கூடாது. மண்காற்றில் கரியமிலவாயு 30 மடங்கு ஆனால், கரையும் கல் ஏறக்குறைய 3 மடங்குதான் ஆகும். அதனால்தான் உலகில் எந்தச் சுண்ணாம்பு நாட்டுக்குப் போனாலும் நிலத்தடி நீரின் கடினத்தன்மை பெரும்பாலும் லிட்டருக்கு 150 முதல் 350 மில்லிகிராமுக்குள் நிற்கிறது. லண்டன்காரர்களின் கெட்டிலும் யாழ்ப்பாணத்துக் கேத்திலும் ஒரே மாதிரி வெளுப்பதற்குக் காரணம் இதுதான். அங்கே அடியில் கிடப்பது சாக் எனப்படும் வெண்சுண்ணப் பாறை.

நடப்பதை வேதியியல்காரர் ஒரே வரியில் எழுதுவார்:

CaCO3 + H2O + CO2 ⇌ Ca(HCO3)2

இடப்பக்கம் இருப்பது கல், தண்ணீர், வாயு. வலப்பக்கம் இருப்பது கால்சியம் பைகார்பனேட். இது தண்ணீரில் கரைந்த நிலையில் மட்டுமே இருக்கும், தூளாக எடுத்து டப்பியில் வைக்க முடியாது. நடுவில் உள்ள குறி இரு பக்கமும் போகலாம் என்று சொல்கிறது. வாயு கூடினால் வலப்பக்கம் நகர்ந்து கல் கரையும். வாயு வெளியேறினால் இடப்பக்கம் திரும்பிக் கல் படியும். கிணறு, கேத்தில், குழாய், கொதிகலன் எல்லாவற்றின் கதையும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

கரைவது எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் வருடத்துக்கு 300 லிட்டர் மழைநீர் கல்வரை இறங்குகிறது என்று வையுங்கள். லிட்டருக்கு 250 மில்லிகிராம் கரைந்தால், வருடத்துக்கு 75 கிராம் கல் போகிறது. அது 30 மில்லிலிட்டர் அளவுள்ள கல். சதுர மீட்டர் முழுவதும் பரப்பினால் 0.03 மில்லிமீட்டர் தடிப்பு. ஆயிரம் வருடத்தில் 3 சென்டிமீட்டர். மனித ஆயுளுக்கு ஒன்றுமில்லை; ஆனால் லட்சக்கணக்கான வருடங்களில், அதுவும் தண்ணீர் ஒரே வெடிப்பு வழியாகத் தொடர்ந்து ஓடினால், குகையும் நிலத்தடி வாய்க்காலும் உண்டாகும். புத்தூருக்குப் பக்கத்தில் உள்ள நிலாவரைக் கிணறு அப்படிக் கரைந்து, மேற்கூரை இடிந்து உண்டான ஒரு பள்ளம்தான். இராமன் அம்பு ஊன்றித் தண்ணீர் எடுத்ததாக ஊரில் கதை உண்டு. இறைத்தாலும் வற்றாது என்பது உண்மை. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்பதும் உண்மை. அந்த உப்பு பின்னால் நமக்கு வேண்டியிருக்கும்.

இனிக் கேத்திலுக்கு வருவோம். குளிர்ந்த கிணற்றுநீரில் கல் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கிறது. அடுப்பில் வைத்தவுடன், கொதிப்பதற்கு வெகு முன்பே, சிறு குமிழ்கள் பக்கங்களில் ஒட்டும். அவற்றில் பெரும்பங்கு கரைந்திருந்த காற்று, கொஞ்சம் கரியமிலவாயு. சூடான நீர் வாயுவைப் பிடித்து வைத்திருக்காது. வாயு போகப் போகச் சமன்பாடு இடப்பக்கம் திரும்புகிறது. இன்னொரு விசேஷமும் உண்டு. சர்க்கரையும் சாப்பாட்டு உப்பும் வெந்நீரில் அதிகம் கரையும், சுண்ணாம்புக்கல் வெந்நீரில் குறைவாகத்தான் கரையும். ஆகவே படிவு தொடங்கும் இடம் எப்போதும் பாத்திரத்தின் மிகச் சூடான பரப்பு: அடுப்புக் கேத்திலில் அடி, மின்கேத்திலில் சுருள் அல்லது அதன் மேல் உள்ள தட்டு. ஒரு முறை சில படிகங்கள் ஒட்டிவிட்டால், அடுத்த முறை கல் அவற்றின் மேலேயே வளரும். வழுவழுப்பான புதுக் கேத்தில் சில நாள் சுத்தமாக இருந்துவிட்டுப் பிறகு திடீரென்று வெளுக்கத் தொடங்குவது இதனால்தான்.

ஒரு வீட்டில் ஒன்றரை லிட்டர் கேத்தில் ஒரு நாளைக்கு நாலு தடவை கொதிக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். 6 லிட்டர் நீர், லிட்டருக்கு 250 மில்லிகிராம் பைகார்பனேட் கடினத்தன்மை. முழுவதும் படிந்தால் நாளைக்கு ஒன்றரைக் கிராம், மாதத்துக்கு 45 கிராம். உண்மையில் அவ்வளவு படியாது. மின்கேத்தில் கொதி வந்தவுடன் அணைந்துவிடுவதால், வாயு முழுவதும் வெளியேற நேரம் இருப்பதில்லை; ஒரு பங்குதான் கல்லாகும். அதிலும் பாதி தண்ணீரில் தூளாக மிதந்து தேநீரோடு போய்விடும். விறகடுப்பில் கால் மணி நேரம் கொதித்துக்கொண்டே இருக்கும் கேத்தில்தான் அதிகம் கல் கட்டும். மிச்சத் தண்ணீரைக் கொட்டாமல் அதன் மேலேயே ஊற்றி ஊற்றிக் கொதிக்க வைப்பதும் கல்லை வளர்க்கும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல் பிடித்த மின்கேத்தில் மின்சாரத்தைத் தின்னும் என்று விளம்பரங்கள் சொல்லும். சுருள் தண்ணீருக்குள்ளேயே இருக்கும் கேத்திலில் இது ஏறக்குறைய பொய். சுருளில் உண்டாகும் வெப்பத்துக்குத் தண்ணீரைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. கல் நடுவில் நின்றால், சுருள் இன்னும் சூடாகி அந்தக் கல்லினூடே வெப்பத்தைத் தள்ளிவிடும். தண்ணீர் கொஞ்சம் தாமதித்துக் கொதிக்கும், அவ்வளவுதான். கெடுவது சுருள். தன் இயல்பான வெப்பநிலைக்கு மேல் தினமும் போய்வரும் உலோகம் சீக்கிரம் சாகும். அடியில் தட்டு வைத்த கேத்தில்களில், தண்ணீரில்லாமல் எரிந்தால் அணைப்பதற்கென்று ஒரு பாதுகாப்புக் கருவி இருக்கும். கல் மூடிய தட்டு அளவுக்கு மேல் சுடும்போது அந்தக் கருவி ஏமாந்துபோய், தண்ணீர் கொதிக்கும் முன்பே கேத்திலை அணைத்துவிடும். பாதிச் சூட்டில் அணைகிறது, முன்பைவிடச் சத்தம் போடுகிறது என்றால் கடைக்கு எடுத்துப் போவதற்கு முன் மூடியைத் திறந்து பாருங்கள்.

கழுவுவதற்கு வினிகர் போதும், ஆனால் அளவு வேண்டும். 10 கிராம் கல்லைக் கரைக்க 12 கிராம் அசிட்டிக் அமிலம் தேவை. கடையில் விற்கும் 5 சதவீத வினிகரில் அது 240 மில்லிலிட்டர். இரண்டு கரண்டி ஊற்றி அலசிவிட்டுக் கல் போகவில்லை என்று குறைபட்டுப் பயனில்லை. நுரைப்பது நின்ற பிறகும் கல் மிச்சமிருந்தால் அமிலம் தீர்ந்துவிட்டது என்று பொருள். கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலமும் நல்லது, வாசனையும் இல்லை. அதை மட்டும் நிறையப் போட்டுக் கொதிக்க வைக்கக் கூடாது. கால்சியம் சிட்ரேட் சூட்டில் கரையாமல் புது வெள்ளைப் படிவாக உட்காரும். வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் ஊற விடுவதே சரி. கழிவறை கழுவும் அமிலத்தைச் சமையல் பாத்திரத்தில் ஊற்றுவோரும் இருக்கிறார்கள். அலுமினியக் கேத்திலில் அது கல்லோடு சேர்த்துக் கேத்திலையும் தின்றுவிடும்.

அமிலம் விட்டும் நுரைக்காத படிவு இருந்தால்? அப்போது அது வேறு வகைக் கடினத்தன்மை. இதுவரை பேசியது தற்காலிகக் கடினத்தன்மை. கொதிக்க வைத்தால் கல்லாகி விழுந்து, மேலே நிற்கும் நீர் மென்மையாகிவிடும். கால்சியமும் மக்னீசியமும் சல்பேட்டாகவோ குளோரைடாகவோ வந்திருந்தால் எவ்வளவு கொதித்தாலும் நீரை விட்டுப் போகா. அது நிரந்தரக் கடினத்தன்மை. குடாநாட்டில் இதன் பெரிய மூலம் கடல். மழையால் சேர்ந்த நன்னீர், கீழேயுள்ள கனமான உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய வில்லையாக மிதக்கிறது. நிலாவரையில் ஆழத்தில் உப்பு இருப்பது அதனால்தான். அதிகம் இறைத்தால் உப்பு மேலே ஏறும். கடல்நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 6,000 மில்லிகிராமுக்கும் மேல். கிணற்றில் நூற்றில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே, நாக்குக்கு உப்பு சரியாகத் தெரியும் முன்பே, 60 மில்லிகிராமுக்கு மேல் நிரந்தரக் கடினத்தன்மை கூடிவிடும்.

வீட்டிலேயே இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். ஒரே கிணற்று நீரில் ஒரு பங்கைக் கால் மணி நேரம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, ஆவியாகிக் குறைந்த அளவுக்கு மழைநீர் சேர்த்துக்கொள்ளுங்கள். கொதிக்காத நீரை ஒரு போத்தலிலும் கொதித்ததை இன்னொரு போத்தலிலும் சம அளவு ஊற்றி, சவர்க்காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். நிலையான நுரை வரக் கொதிக்காத நீருக்கு 20 சொட்டும் கொதித்ததற்கு 6 சொட்டும் பிடித்தால், கடினத்தன்மையில் பெரும்பங்கு கல்லிலிருந்து வந்தது. இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு பிடித்தால் கடலைச் சந்தேகிக்கலாம். ஆய்வுக்கூடத்தில் ஈடிடிஏ கரைசலை விட்டு, ஒயின் சிவப்பு நிறம் நீலமாக மாறும் புள்ளியைப் பார்த்து எண்ணிக்கை சொல்வார்கள். லிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினால் மிகக் கடினம் என்பது வழக்கமான வகைப்பாடு.

இந்தத் தண்ணீரைக் குடித்தால் சிறுநீரகத்தில் கல் வரும் என்ற பயம் பலருக்கும் உண்டு. கேத்திலில் கண்ட கல்லே உடம்புக்குள்ளும் படியும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்; வேறு பொருள், வேறு வழியில் உண்டாவது. போதிய அளவு தண்ணீர் குடிக்காததே அதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் குடிநீரின் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் வைக்கவில்லை.

குழாய்களில் நிலைமை கொஞ்சம் வேறு. குளிர்ந்த நீர் மூடிய குழாயில் போகும்வரை வாயு வெளியேற இடமில்லை. கல் படியக் காரணமும் இல்லை. மோட்டாரிலிருந்து தாங்கிக்கு ஏறும் குழாயை வெட்டிப் பார்த்தால் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். தாங்கியில் நீர் கொட்டும்போது வாயு பறக்கிறது, வெயிலில் சூடும் ஏறுகிறது. மிதவை வால்வில் வெள்ளை கட்டத் தொடங்கும். குழாய் வாயின் வலையிலும் ஷவரின் துளையிலும் நீர் காய்ந்து காய்ந்து கல் மிஞ்சும். உண்மையான கேடு வெந்நீர்க் குழாயிலும் கீசரிலும் சூரிய வெந்நீர்க் கருவியிலும்தான். 15 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் கல் பிடித்தால் விட்டம் 11 ஆகிறது. கால்பங்குதானே குறைந்தது என்று தோன்றும். அதே அழுத்தத்தில் வரும் நீரோ பாதிக்கும் கீழே போய்விடும், ஏனென்றால் ஓட்டம் விட்டத்தைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். கீசரின் சூட்டை 60 பாகையில் நிறுத்தினால் போதும். 75க்கு ஏற்றி வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பது கல்லுக்குத் தீனி போடுவது.

குளிர்ந்த நீரும் திறந்த வாய்க்காலில் வெகுதூரம் ஓடினால் கல்லை இறக்கும். பிரான்சின் நீம் நகரத்துக்கு ரோமர்கள் 50 கிலோமீட்டர் தூரம் ஊற்றுநீர் கொண்டுவந்த கால்வாயில் பக்கச் சுவர்களில் அரை மீட்டர் அளவுக்குச் சுண்ணாம்பு வளர்ந்து, பாதையையே ஒடுக்கிவிட்டது. இன்னொரு பக்கம், மெல்லிய ஒரு படிவு இரும்புக் குழாய்க்குக் கவசமும் ஆகும். நீர் கல்லைப் படிய வைக்கும் குணம் உள்ளதா, உலோகத்தை அரிக்கும் குணம் உள்ளதா என்று கணக்கிட 1936இல் அமெரிக்கப் பொறியாளர் வில்பிரட் லாங்லியர் கொடுத்த சுட்டெண்ணை நீர் வழங்கல் துறையினர் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

கேத்திலுக்கும் கொதிகலனுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. கேத்திலில் நீரை ஊற்றி எடுத்துவிடுகிறோம். கொதிகலனிலிருந்து வெளியே போவது ஆவி மட்டும். ஆவியில் கல் போகாது. உள்ளே வந்த தாது எல்லாம் உள்ளேயே தங்கும். மணிக்கு 500 கிலோ ஆவி தரும் சிறிய கொதிகலன் ஒன்று, ஒரு புழுங்கல் அரிசி ஆலையிலோ ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலோ, நாளைக்கு 8 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 4,000 லிட்டர் கிணற்றுநீர், லிட்டருக்கு 250 மில்லிகிராம். ஒரு நாளைக்கு ஒரு கிலோ கல். அவ்வளவு சின்னக் கொதிகலனில் நீர்க்குழாய்களின் சூடாகும் பரப்பு சுமார் 15 சதுர மீட்டர். வேலை நாள் 25 உள்ள ஒரு மாதத்தில் 25 கிலோ கல் முழுவதும் அந்தப் பரப்பில் சீராக ஒட்டினால் முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் கீழே. ஒன்றரை மாதத்தில் 1 மில்லிமீட்டர். ஒரு பங்கு சேறாகி அடியில் தங்கிவிடும் என்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சக் காலம் பிடிக்கும்.

1 மில்லிமீட்டர் என்ன செய்துவிடும்? எரிபொருள் நட்டம் சில சதவீதம். இதற்கும் விளம்பரத்தில் பெரிய எண்கள் வரும். வெப்பம் கல்லுக்குள் போக மறுத்துப் புகைபோக்கி வழியே வெளியேறுவதால் வரும் நட்டம் அது. ஆகவே புகையின் வெப்பநிலை வாரம் வாரம் ஏறிக்கொண்டே போனால் கல் பிடிக்கிறது என்று அறியலாம், ஒரு வெப்பமானி போதும். ஆனால் பெரிய ஆபத்து எரிபொருளில் இல்லை, குழாய்ச் சுவரில்.

எஃகு வெப்பத்தைக் கல்லைவிட நாற்பது ஐம்பது மடங்கு எளிதாகக் கடத்தும். தீ நேராகத் தாக்கும் இடத்தில் சதுர மீட்டருக்கு 100 கிலோவாட் வெப்பம் போகிறது என்றால், 1 மில்லிமீட்டர் கல்லைத் தாண்ட அந்த வெப்பத்துக்குச் சுமார் 100 பாகை வெப்பநிலை வேறுபாடு தேவை. 7 பார் அழுத்தத்தில் உள்ளே நீர் 170 பாகை. சுத்தமான குழாயின் உலோகம் அதைவிட 10, 20 பாகைதான் மேலே இருக்கும். 1 மில்லிமீட்டர் கல்லோடு அது 280, 290 ஆகும். எஃகு அதைத் தாங்கிக்கொள்ளும். 3 மில்லிமீட்டர் ஆனால் 480ஐத் தொடும். சாதாரணக் கார்பன் எஃகு 450 பாகைக்கு மேல் வலுவிழக்கத் தொடங்கும். உள்ளே அழுத்தம் இருப்பதால் இளகிய இடம் வெளிப்பக்கம் புடைக்கும். புடைப்பில் சுவர் மெலியும், மெலிந்த இடம் கிழியும். வெடித்த குழாயை அறுத்துப் பார்க்கும் ஆய்வாளர்கள், கிழிந்த இடத்துக்கு நேர் உள்ளே தடித்த கல்லையும், சற்றுத் தள்ளி மெல்லிய கல்லையும் பார்ப்பார்கள். கொதிகலன் முழுவதும் சராசரி கல் குறைவாக இருந்தாலும், தீப்படும் ஒரு முழ நீளத்தில் 3 மில்லிமீட்டர் இருந்தால் போதும்.

கொதிகலனில் வளரும் கல் கேத்தில் கல்லைவிடக் கடினமாகவும் இருக்கும். கால்சியம் சல்பேட்டின் கரைதிறன் சூட்டில் வீழ்ந்துவிடுவதால், கேத்திலில் படியாத அதுவும் இங்கே படியும். நீரில் சிலிக்கா இருந்தால் அதுவும் சேர்ந்து பீங்கான் போல ஒட்டிக்கொள்ளும். வினிகரும் அமிலக் கழுவலும் அதைத் தொடாது. அதனால் கொதிகலனில் கல்லைப் பிறகு கழுவலாம் என்பது நடவாத காரியம். தண்ணீரை உள்ளே விடும் முன்பே கல்லை எடுத்துவிட வேண்டும்.

அதற்குப் பரவலான வழி அயனி மாற்றி, அதாவது சாஃப்ட்னர். ஒரு தொட்டியில் பிசின் மணிகள் இருக்கும். அவற்றில் ஒட்டியிருக்கும் சோடியத்தைக் கொடுத்துவிட்டு நீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் மணிகள் பிடித்துக்கொள்ளும். சோடியம் கல்லாகப் படியாது. மணிகள் நிறைந்தவுடன் கடும் உப்புக்கரைசலை ஓட்டினால், கால்சியத்தை விட்டுவிட்டு மறுபடி சோடியத்தை ஏற்றிக்கொள்ளும். கருவி எளிது, கெடுவதும் எளிது. உப்புத் தொட்டி தீர்ந்ததை யாரும் கவனிக்காமல் விட்டால் வெளியே வரும் நீர் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். நிறமில்லை, மணமில்லை, சத்தமில்லை. நாளைக்கு ஒரு கிலோ கல் கொதிகலனுக்குள் போய்க்கொண்டிருக்கும். வேலை முறை தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு குப்பி நீரில் கடினத்தன்மைச் சோதனைச் சொட்டு விட்டுப் பார்த்துக் குறித்து வைப்பதைத் தவிர இதற்கு வேறு காவல் இல்லை. மீதி வரும் சொற்பத் தாதுவைப் பாஸ்பேட் போட்டு ஒட்டாத சேறாக்கி, கொதிகலனின் அடிவால்வைத் திறந்து அவ்வப்போது வெளியேற்றுவார்கள். குழாயில் காந்தம் மாட்டினால் கல் பிடிக்காது என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அவற்றை நம்பி ஒரு கொதிகலனை ஓட்டத் துணிய மாட்டேன்.

சுண்ணாம்பு நாட்டில் சாஃப்ட்னருக்கு இன்னொரு விலையும் உண்டு. ஒரு கிலோ கல் அளவுக் கடினத்தன்மையை எடுக்க நடைமுறையில் இரண்டரை, மூன்று கிலோ உப்புச் செலவாகும். 300 நாளுக்கு 900 கிலோ. அதிலுள்ள குளோரைடு முழுவதும் கழுவிய நீரோடு வெளியேறுகிறது. வேறு வடிகால் இல்லாவிட்டால் அது போகும் இடம் ஆலைக்குப் பின்னால் உள்ள குழி. வெடிப்பும் பொந்துமான கல்லில் குழியில் விட்டது கிணற்றுக்குப் போகாமல் வேறெங்கே போகும்? லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடு என்ற அளவில் பார்த்தால், அந்த 900 கிலோ உப்பு வருடத்துக்கு 20 லட்சம் லிட்டருக்கும் மேல் நன்னீரை உவராக்கப் போதும். கடல் கீழிருந்து செய்வதை நாம் மேலிருந்து செய்கிறோம்.

உப்பில்லாத பழைய வழி ஒன்று இருக்கிறது. 1841இல் அபெர்டீன் பேராசிரியர் தாமஸ் கிளார்க் லண்டன் நீருக்காக ஒரு காப்புரிமை எடுத்தார். கடினநீரில் நீற்றிய சுண்ணாம்பைக் கலப்பதுதான் முறை. சுண்ணாம்பை நீக்கச் சுண்ணாம்பையே சேர்ப்பது விந்தையாகப் படலாம். ஆனால் கல்லைக் கரைத்து வைத்திருப்பது வாயு. நீற்றிய சுண்ணாம்பு அந்த வாயுவைப் பிடித்துத் தானும் கல்லாகி, கரைந்திருந்ததையும் கல்லாக்கிக் கீழே இறக்கிவிடும். லிட்டருக்கு 250 மில்லிகிராம் தற்காலிகக் கடினத்தன்மைக்குக் கணக்குப்படி 185 மில்லிகிராம் நீற்றிய சுண்ணாம்பு. நீரில் தனியே நிற்கும் கரியமிலவாயுவுக்காகக் கொஞ்சம் கூட. அளவு மிஞ்சினால் நீர் காரமாகிவிடும் என்பதும், படியத் தனித் தொட்டியும் சில மணி நேரமும் வேண்டும் என்பதும், கடலிலிருந்து வந்த நிரந்தரக் கடினத்தன்மையில் கால்சியத்தைத் தொடாது என்பதும் அதன் குறைகள். மிச்சம் வெண்சுண்ணச் சேறு. அதை மண்ணில் போட்டாலும் கிணறு கெடாது. நாளைக்கு 4,000 லிட்டர் செலவழிக்கும் ஆலைக்கு இரண்டு தொட்டி கட்டி இதை முதல் கட்டமாக வைத்தால், பின்னால் நிற்கும் சாஃப்ட்னருக்கு உப்பு நாலில் ஒரு பங்குக்கு வந்துவிடும்.

வீட்டுக் கேத்திலுக்கு இந்தத் தொல்லை எதுவும் வேண்டியதில்லை. குடாநாட்டில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் மழை. 100 சதுர மீட்டர் ஓட்டுக் கூரையில் நூற்றுக்கு எண்பது பங்கு பிடித்தாலும் 96,000 லிட்டர். நாளைக்கு 6 லிட்டர் கொதிக்கும் கேத்திலுக்கு வருடம் முழுவதும் தேவை 2,200 லிட்டர்தான். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, மார்கழிக்குள் ஒரு மூடிய தாங்கியை நிரப்பிக்கொண்டால், மண்ணைத் தொடாத அந்த நீரில் கரைந்த கல் கிடையாது.